பொருள்: விசைப்பலகையைக் கைப்பிடியாகக் காட்டும் பெட்டி: இதற்கு ஒரு சொல் வேண்டும்

நிவேதா:

வணக்கம். கன்சோல் விளையாட்டுகளைப் பற்றி எழுதும் கட்டுரையில் ஒரு சொல்லில் இரண்டு நாளாக நிற்கிறேன். சில விளையாட்டுகள் விசைப்பலகையையும் சுட்டியையும் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை, கன்ட்ரோலர் என்னும் கைப்பிடியை மட்டுமே ஏற்கின்றன. ஏற்காதவற்றில் ஆடுவதற்காகச் சிலர் நடுவில் ஒரு சிறு பெட்டியைச் செருகுகிறார்கள். க்ரோனஸ் ஜென் அப்படிப்பட்டது. சுட்டியின் அசைவை வாங்கிக்கொண்டு, ‘வந்திருப்பது கைப்பிடிதான்’ என்று அது கன்சோலிடம் சொல்லிவிடும். இந்தச் செயலுக்கு என்ன பெயர் வைப்பது? ‘உள்ளீட்டு மோசடி’ என்று எழுதிப் பார்த்தேன். சீட்டுக் கம்பெனிச் செய்தி போல இருக்கிறது.

சுந்தரேசன்:

‘மாற்றி’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. மின்சாரத்தில் உண்டு, ஒலியில் உண்டு. இதுவும் ஒன்றை வாங்கி இன்னொன்றாகத் தரும் பெட்டிதானே? ‘உள்ளீட்டு மாற்றி’ போதும். எப்படியும் கன்சோலில் விசைப்பலகை தானாக வேலை செய்யாது, மாற்றி இல்லாமல் முடியாது. ஆகவே மோசடி என்ற பேச்சே தேவையில்லை.

இளங்கோ:

சுந்தரேசன் ஐயா, பெட்டிக்கு நீங்கள் சொன்ன பெயர் பொருந்தும். மாற்றி இல்லாமல் முடியாது என்பதை மட்டும் மறுக்கிறேன். விசைப்பலகையைக் கன்சோல் நேராக ஏற்பது புதிய செய்தி அல்ல. ட்ரீம்காஸ்ட் என்ற பழைய கன்சோலில் வந்த குவேக் 3 அரீனாவை 2000-லேயே விசைப்பலகையும் சுட்டியும் வைத்து ஆடினார்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 2018 நவம்பரில் இந்த வசதி வந்தது, ஃபோர்ட்நைட்டும் வார்ஃப்ரேமும் முதலில் சேர்ந்துகொண்டன. ஃபைனல் ஃபேன்டசி 14, கால் ஆஃப் டியூட்டி வார்ஸோன் ஆகியவையும் ஏற்கின்றன. கன்சோல் வழி விடுகிறது, கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது அந்தந்த விளையாட்டை உருவாக்கியவர்களின் முடிவு.

திறப்பவர்கள் சும்மா திறப்பதில்லை. ஃபோர்ட்நைட்டில் கன்சோலில் சுட்டியைச் செருகி ஆடினால் கைப்பிடிக்காரர்களோடு சேர்க்காமல் கணினிக்காரர்களோடு சேர்த்துவிடுவார்கள். கைப்பிடிக்குக் கிடைக்கும் குறி உதவியும் சுட்டிக்குக் கிடையாது. குறி உதவி என்றால், எதிரி அருகில் வரும்போது குறிமுள்ளை விளையாட்டே கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது. பெட்டி போட்டவர் இந்த இரண்டிலிருந்தும் தப்பிவிடுகிறார். கையில் சுட்டி, எதிரே கட்டைவிரலால் ஆடுபவர்கள், கூடவே குறி உதவியும். நிவேதா பெயர் கேட்பது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

கோகிலா:

இதைப் படித்ததும் என் சந்தேகம் ஒன்று. மகனுக்காக பிஎஸ்5-இல் விசைப்பலகை செருகினேன். தேடல் பெட்டியில் எழுத்துகள் அழகாக விழுகின்றன. விளையாட்டுக்குள் போனால் ஒரு விசையும் அசையவில்லை. கடைக்காரர் ‘பலகை பழுது, மாற்றித் தருகிறேன்’ என்கிறார். மாற்றலாமா?

இளங்கோ:

மாற்ற வேண்டாம் கோகிலா அம்மா, பலகை நன்றாகத்தான் இருக்கிறது. தட்டச்சை வாங்கிக்கொள்வது கன்சோலின் இயங்குதளம், அது எப்போதும் வாங்கும். ஓடுவதும் சுடுவதும் விளையாட்டின் கையில் இருக்கிறது, உங்கள் மகன் ஆடும் விளையாட்டு வாங்கவில்லை, அவ்வளவுதான். ஃபோர்ட்நைட்டை இறக்கிச் செருகிப் பாருங்கள், அது இலவசம். அங்கே வேலை செய்தால் பலகை மேல் குற்றமில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. விளையாட்டு நேராக ஏற்றிருந்தால் ‘கதவைத் திறக்க’ என்னும் இடத்தில் திரையில் `E` போன்ற விசையின் எழுத்து தெரியும். கைப்பிடியின் சதுரமும் வட்டமும் மட்டுமே தெரிந்தால், விளையாட்டின் கண்ணில் அங்கே விசைப்பலகையே இல்லை. பெட்டி போட்டு ஆடுபவர்களின் திரையில் சதுரமும் வட்டமும்தான் தெரியும்.

நிவேதா:

அந்தக் கடைசி வரி எனக்குச் சொல்லைக் கொடுத்துவிட்டது. வேறொருவர் பெயரில் தேர்வு எழுதுபவரை நாம் என்ன சொல்கிறோம்? ஆள்மாறாட்டம். அனுமதிச் சீட்டில் ஒருவர் படம், நாற்காலியில் இன்னொருவர். இங்கே ஆள் மாறவில்லை, கருவிதான் மாறுகிறது. ஆகவே ‘கருவிமாறாட்டம்’.

சுந்தரேசன்:

மொழிபெயர்ப்பு வேலை செய்யும் பெட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். சுட்டி தருவதை அப்படியே கைப்பிடி மொழியில் சொல்கிறது, இதில் மாறாட்டம் எங்கே?

இளங்கோ:

அப்படியே சொல்ல முடியாது ஐயா, சிக்கலே அங்கேதான். சுட்டி சொல்வது ‘இவ்வளவு தூரம் நகர்ந்தேன்’ என்று. கைப்பிடியின் குச்சி சொல்வது ‘இவ்வளவு சாய்ந்திருக்கிறேன்’ என்று. அந்தச் சாய்வை விளையாட்டு திரும்பும் வேகமாக எடுத்துக்கொள்கிறது. குச்சி முழுதும் சாய்ந்தால் நொடிக்கு 240 பாகை திரும்பும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பின்னால் எதிரி, 180 பாகை திரும்ப வேண்டும். நீங்கள் சுட்டியைப் பத்தில் ஒரு நொடியில் வெட்டி இழுக்கிறீர்கள். அந்த நேரத்தில் குச்சியால் 24 பாகைக்கு மேல் திருப்பவே முடியாது. மீதி 156 பாகையைப் பெட்டி உதறிவிட வேண்டும், அல்லது கை நின்ற பிறகும் குச்சியைச் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். சிற்றசைவிலும் தொல்லை உண்டு. குச்சி நடுவில் லேசாக ஆடினால் விளையாட்டு கண்டுகொள்ளாது, அந்த உணராப் பகுதியைத் தாண்டப் பெட்டி ஒரு குதி குதிக்க வேண்டும். மனிதக் கட்டைவிரல் இப்படிக் குதிக்காது, இப்படி நடுவுக்குத் திரும்பாது.

மாறாட்டம் என்ற சொல்லுக்கு இன்னொரு சான்றும் சொல்கிறேன். எக்ஸ்ஐஎம் அபெக்ஸ் என்ற பெட்டியில் ஓர் உண்மையான கைப்பிடியையும் செருகியே ஆக வேண்டும். கன்சோல் அடையாளம் கேட்கும்போது அந்தக் கைப்பிடி பதில் சொல்லும். பிறகு ஆடுவது சுட்டி. நிவேதா சொன்ன அனுமதிச் சீட்டு இதுதான்.

2023-இல் ரெயின்போ சிக்ஸ் சீஜில் இதைப் பிடிக்க ஓர் ஏற்பாடு வந்தது. பிடிபட்டவரை உடனே வெளியேற்றாமல், அவர் அசைவு திரைக்கு வரும் நேரத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் தாமதப்படுத்திக்கொண்டே போனார்கள். குறி தவறத் தொடங்கும், சுட்டியே பாரமாகிவிடும். அதன் பெயர் மௌஸ்ட்ராப், எலிப்பொறி என்று பொருள்படும். ‘சுட்டிப்பொறி’ என்று தமிழாக்கினால் நகைச்சுவை செத்துவிடுகிறது. மௌஸைச் சுட்டி ஆக்கியதற்கு நாம் கொடுத்த விலை!

யோகன், யாழ்ப்பாணம்:

இரண்டு மறுப்புகள். எங்கள் பக்கம் காய்ச்சலில் பிதற்றுபவரைப் பார்த்து ‘மாறாட்டம்’ என்போம். ‘கருவிமாறாட்டம்’ என்று சேர்த்து எழுதினால் தப்பிக்கும், தனியாக விட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். என் நண்பனுக்கு வலக்கைப் பெருவிரல் இல்லை. அவனால் குச்சியைப் பிடிக்க முடியாது, சுட்டியைப் பிடிக்க முடியும். நேராக ஏற்காத விளையாட்டில் பெட்டியை விட்டால் அவனுக்கு வழியில்லை. அவனும் மாறாட்டக்காரனா?

நிவேதா:

யோகன் அண்ணா, இதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் பெட்டியையும் செயலையும் பிரித்துவிடலாம். பெட்டிக்குச் சுந்தரேசன் ஐயா சொன்ன ‘உள்ளீட்டு மாற்றி’. அதை மறைத்து, கைப்பிடிக்காரர்கள் நடுவில் உட்காருவது ‘கருவிமாறாட்டம்’. விளையாட்டே ஏற்பது ‘நேரடி ஏற்பு’.

யோகன்:

என் நண்பனும் கைப்பிடிக்காரர்கள் நடுவில்தான் உட்காருகிறான், தங்கச்சி. வேறு எங்கே உட்காருவான்?

இளங்கோ:

விளையாட்டின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். காரணம் கம்பி வழியே வராது. சொல்லால் இதைப் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுந்தரேசன்:

‘மாற்றி’ பிழைத்துவிட்டது, அதுவரை மகிழ்ச்சி. ‘நேரடி ஏற்பு’ திருமண மண்டப அறிவிப்பு போல இருக்கிறது. ‘இயல்பேற்பு’ என்று வைக்கலாமே?

கோகிலா:

ஃபோர்ட்நைட்டில் விசைகள் வேலை செய்கின்றன. கடைக்காரரிடம் போகவில்லை. ஆனால் மகன் இப்போது கணினிக்காரர்களிடம் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறான், கைப்பிடியைத் திரும்பக் கேட்கிறான்.