டிஸ்சார்ஜ் சம்மரியை அரபியில் கொடுத்த அனுபவங்கள்

மண்ணடிக்காரன்:
ஓமான், ஏமன் பக்கமிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அரபி பேசிக் கொடுப்பது என் வேலை. டிஸ்சார்ஜ் ஆன அன்று ராத்திரி கட்டாயம் ஒரு போட்டோ வரும். மடிப்பு விழுந்த தாள், எறும்பு ஊர்கிற மாதிரி இங்கிலீஷ், கீழே "இதில் என்ன இருக்கிறது?" என்று ஒரு வரி. போன மாதம் வந்தது ஒரு பெரியவருடைய இதய நோய்த் தாள். பாதிப் பக்கம் ரத்தப் பரிசோதனை அட்டவணை, கால் பக்கம் வார்டில் நடந்த கதை, மீதி மருந்து. முழுக்க மொழிபெயர்த்தால் அரபியில் மூன்று பக்கம் போகும், அவர் மகனுக்கு வேண்டிய விஷயம் மூன்றாம் பக்கத்தில் கிடக்கும். அதனால் என்ன செய்தார்கள், எப்போது திரும்ப வரணும், என்ன ஆனால் உடனே ஓடி வரணும் என்ற மூன்றை மட்டும் சுருக்கிக் கொடுத்தேன். மருந்தை மட்டும் சுருக்கவில்லை. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் அரபி, ஒரு மருந்துக்கு ஒரு வரிசை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

தண்டையார்பேட்டை தம்பி:
எதுக்கு பாய் இவ்வளவு கஷ்டம்? போன் கேமராவைக் காட்டினால் படத்தின் மேலேயே அரபி வந்து விழுகிறதே. போர்டு, பில் எல்லாம் நான் அப்படித்தான் படிக்கிறேன்.

ராயபுரம் நர்ஸ்:
போர்டுக்குச் சரி தம்பி. அரபி மேலே உட்கார்ந்ததும் அடியில் இருக்கும் இங்கிலீஷ் மறைந்துவிடும். மஸ்கட்டில் மருந்துக்கடைக்காரர் பார்க்கப்போவது அந்த இங்கிலீஷ் பெயரைத்தான். மைக்ரோகிராம் மில்லிகிராமாக விழுந்திருந்தால், மூலம் பக்கத்திலேயே இருந்தால்தான் கண்ணில் படும். நான் மாத்திரை அட்டையையும் வாங்கி ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்ப்பேன். போட்டோவில் புள்ளி தொலைந்தால் 2.5 என்பது 25 ஆகிவிடும்.

கொருக்குப்பேட்டை அக்கா:
என் தங்கச்சி நிக்காஹ் சர்டிபிகேட்டை அரபியில் மாத்தணும், விசாவுக்கு. அதையும் இப்படிச் சுருக்கிக் கொடுத்தால் ஏத்துக்குவாங்களா?

மண்ணடிக்காரன்:
அக்கா, அது வேற கதை. அரசாங்க அலுவலகம், இன்ஷூரன்ஸ், கோர்ட்டு என்றால் முத்திரையில் உள்ள எழுத்து வரைக்கும் முழுசாகத்தான் போகணும். நான் சொல்வது வீட்டுக்காரர்கள் படித்துப் புரிந்துகொள்கிற தாள்.

தம்பி கேட்டதால் பெரியவர் கதையின் மீதியையும் சொல்கிறேன். நீர் பிரிய ஃபுரோசமைட் 40 மில்லிகிராம், 1-0-0. காலையில் ஒன்று, அவ்வளவுதான். மகன் அதை அரபி வாக்கியத்துக்குள் தட்டித் தன் அண்ணனுக்கு அனுப்பினார். அங்கே திரையில் தெரிந்தது 0-0-1. எண்ணுக்கு முன்னால் அரபி எழுத்து இருந்து, நடுவில் சின்னக் கோடும் இருந்தால், போன் அந்தத் துண்டுகளை வலமிருந்து அடுக்கிவிடும். இடமிருந்து படிக்கிறவருக்கு அது ராத்திரி மாத்திரை. ராத்திரி போட்டால் மனுஷன் விடிய விடிய பாத்ரூமுக்கு நடக்கணும். 1-0-1 எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருப்பதால் இந்தக் கோளாறு வெளியே தெரிவதே இல்லை. சாய்கோடு போட்டால் திரும்பாது. ஆனால் வலமிருந்தே படித்துப் பழகிய கிழவர் அதையும் கடைசியிலிருந்துதானே படிப்பார்? போதாக்குறைக்கு அரபி எண்களில் ஐந்து நம் பூஜ்யம் போல வட்டமாக இருக்கும், பூஜ்யம் வெறும் புள்ளி. அதனால் இங்கிலீஷ் பக்கத்தில் 1-0-0 அப்படியே இருக்கும், அரபிப் பக்கத்தில் எண்ணே கிடையாது. காலை ஒரு மாத்திரை, மதியம் இல்லை, இரவு இல்லை என்று எழுத்தாகவே எழுதுவேன்.

வண்ணை டிடிபி:
எங்க கடைக்கு அரபி வேலை வரும். டேபிளை வலமிருந்து இடம் என்று மாற்றினால் ரெண்டு பக்கமும் இடம் மாறிக்கொள்ளும், பிரிண்ட் எடுக்கும் முன் பாருங்க. பக்கம் முழுவதையும் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். ரெண்டு மொழிக்கும் நீளம் ஒத்துவராது, நாலாவது வரியிலேயே எதற்கு எது என்று தெரியாமல் போகும். என்னைக் கேட்டால் சுருக்கமே தப்பு. விட்டுப்போனது எது என்று அரபி மட்டும் தெரிந்தவருக்கு எப்படித் தெரியும்?

ராயபுரம் நர்ஸ்:
நியாயமான கேள்விதான். விட்டதைச் சொல்லிவிட்டால் போச்சு. "இது சுருக்கம், ரத்த அட்டவணை மூலத்தில் இருக்கிறது" என்று மேலேயே ஒரு வரி. அட்டவணையில் லேப் தானே H, L போட்டுக் காட்டியதை மட்டும் எடுத்துச் சொல்லலாம். எது முக்கியம் என்று நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, அது டாக்டர் வேலை. ஆனால் அலர்ஜி வரியை எந்தச் சுருக்கத்திலும் விடாதீங்க. பாய், ஓரத்தில் டாக்டர் கையால் கிறுக்கியதை என்ன செய்கிறீங்க?

மண்ணடிக்காரன்:
"படிக்க முடியவில்லை" என்று அந்த வரிசையிலேயே எழுதி, அந்த இடத்தை மட்டும் வெட்டிய படத்தைப் பக்கத்தில் வைத்து, வார்டுக்குப் போன் போடுவேன். விடியற்காலை விமானம் என்றால் சில நேரம் பதில் வருவதற்குள் அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.