தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி: கையில் என்ன நிற்கும்?

சேலைக்கடை: இளம்பிள்ளையில் 600 ரூபாய்க்கு எடுக்கும் சேலையை சேலம் கடையில் 1,000க்கு விற்கிறோம். லாபம் 40 சதவீதம். தீபாவளிக்கு 30 போட்டாலும் 10 நிற்குமே, போடலாமா?

அம்மாபேட்டைக் கணக்கர்: நிற்காதுங்க. ஒட்டியிருக்கும் 1,000 வரியும் சேர்த்த விலைதானே? 5 சதவீத ஜிஎஸ்டியை எடுத்தால் உங்களுக்கு வருவது 952. கொள்முதலில் 600க்கு மேல் கட்டிய வரி திரும்ப வரவாகிவிடும், அதனால் அடக்கம் 600. பை, விற்பனையாளர் ஊக்கத்தொகை, கார்டு கட்டணம் என்று சேலைக்கு 30 ரூபாய் வையுங்கள். இப்போது நிற்பது 322. தள்ளுபடி போட்டு 700க்கு விற்றால் வரி போக 667, கடைசியில் கையில் 37. ஒரு சேலை தந்த பணத்தைச் சம்பாதிக்க ஒன்பது சேலை விற்க வேண்டும். கிட்டத்தட்ட 34 சதவீதத்தில் எல்லாம் பூஜ்யம். வாடகையும் விளம்பரமும் இதில் இன்னும் சேரவில்லை.

செவ்வாய்ப்பேட்டை ஜவுளி: அப்போ 20 போடட்டுமே. அதில் 132 நிற்குது, இரண்டரை மடங்கு விற்றால் சரியாப்போச்சு. தீபாவளிக்கு அது நடக்காதா?

அம்மாபேட்டைக் கணக்கர்: நடக்கும். ஆனால் எதோடு ஒப்பிட்டு இரண்டரை மடங்கு? புரட்டாசி விற்பனையோடு ஒப்பிட்டால் தவறு. தள்ளுபடியே இல்லாவிட்டாலும் தீபாவளிக்குக் கூட்டம் வரும். அந்தக் கூட்டம் வாங்குவதைப் போல் இரண்டரை மடங்கு விற்க வேண்டும். எப்படியும் வாங்க வந்தவருக்கும் 200 ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம், அங்கேதான் பணம் கரைகிறது.

கொலுசுப் பட்டறை: எங்கள் கடையில் 50 சதவீதம் போடுகிறோம், நன்றாகவே லாபம் வருது. நீங்கள் ஏன் பயப்படறீங்க?

அம்மாபேட்டைக் கணக்கர்: உங்கள் 50 செய்கூலியில்தானேங்க? வெள்ளிக்கு அன்றைய விலையை முழுசாக வாங்கிவிடுகிறீர்கள். சேலையில் அப்படிப் பிரிக்க முடியாது.

சேலைக்கடை: அப்போ இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்?

அம்மாபேட்டைக் கணக்கர்: அது 33 சதவீதத் தள்ளுபடிதான். மூன்று சேலைக்கு 2,000 வாங்குவீர்கள், வரி போக 1,905. மூன்றின் அடக்கம் 1,800, செலவு 90. மூன்றுக்கும் சேர்த்து 15 ரூபாய்.

செவ்வாய்ப்பேட்டை ஜவுளி: மூன்றுக்கும் ஒரே பைதானே, செலவு கொஞ்சம் குறையும். போகட்டும். போன வருஷ டிசைனை மறந்துட்டீங்களே. அலமாரியில் கிடக்கும் சேலைக்கு 600 எப்பவோ போயிருச்சு. 500க்குத் தள்ளினாலும் புதுச் சரக்குக்குப் பணமாகும்.

அம்மாபேட்டைக் கணக்கர்: அதை ஒப்புக்கொள்கிறேன். பழைய டிசைனுக்கு அடக்கத்தைப் பார்க்க வேண்டாம், பொங்கலுக்குப் பிறகு என்ன விலை போகுமோ அதைப் பாருங்கள். ஆனால் அதைத் தனி ரேக்கில் வைத்து, தனி பில் குறியீடு போடுங்கள். கடை முழுக்க ஒரே பலகை மாட்டினால் புதுச் சரக்கும் அதே விலைக்குப் போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை ஜவுளி: பக்கத்துக் கடைக்காரர் வாசலில் 30 என்று எழுதிவிட்டால் நம் தனி ரேக்கை யார் உள்ளே வந்து பார்ப்பாங்க?

அம்மாபேட்டைக் கணக்கர்: அவருடைய அடக்கம் 500 ஆக இருந்தால் அவருக்கு 137 நிற்கும், உங்களுக்கு 37. அவர் பலகையைப் பார்த்து உங்கள் விலையை முடிவு செய்யாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை ஜவுளி: வாடிக்கையாளர் என் அடக்கத்தைக் கேட்டுக்கிட்டா வருவார்? இதில் நான் இன்னும் ஒத்துக்கலைங்க.