ஞாயிறு 8 மணிக்கு வீடியோ கால்: எனக்கு எப்போது?

டொரண்டோ_புதுசு (வெள்ளி, மார்ச் 6, 2026)
ஜனவரியில்தான் இங்கே வந்தேன். தங்கைக்கு வரன் பேசுகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் மெல்போர்னில். "ஞாயிறு 8 மணிக்கு எல்லோரும் கால்ல இருக்கணும்" என்று திருச்சியிலிருந்து அப்பா மெசேஜ் போட்டிருக்கிறார். அப்பாவிடம் திரும்பக் கேட்டால் திட்டுவார். இங்கே எத்தனை மணி? பதற்றமாக இருக்கிறது.

ஸ்கார்பரோ மாமா
பத்தரை மணி நேரம் கழிச்சுக்கோ தம்பி, அவ்வளவுதான். நாங்கள் வந்த புதிதில் காலிங் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டுப் பேசினோம். அந்தக் குளிரில் பொது தொலைபேசிக்கு நடந்து போவோம். அங்கே லைன் கிடைக்கும்போது அம்மா தூங்கியிருப்பாள். உங்களுக்கெல்லாம் சொகுசு.

பிராம்ப்டன் செல்வி
மாமா, ஒன்பதரை. போன வருஷம் முழுக்க ஒன்பதரைதான் கழித்தேன்.

கணக்குப்பிள்ளை
ரெண்டு பேர் சொல்வதும் பாதி சரி. குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. ஒன்டாரியோவில் அது மாறுவதே இந்த ஞாயிறு, மார்ச் 8, அதிகாலை 2 மணிக்கு. கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். இந்தியாவில் நேரம் மாறுவதே இல்லை.

புதுசு, நீங்கள் முக்கியமானதைச் சொல்லவில்லை: காலையா இரவா, யாருடைய 8 மணி? திருச்சி காலை 8 என்றால் உங்களுக்கு *சனிக்கிழமை* இரவு 9.30. கடிகாரம் மாறுவதற்கு முன்பே கால் முடிந்துவிடும். திருச்சி இரவு 8 என்றால் உங்களுக்கு ஞாயிறு காலை 10.30. ஆனால் அப்போது மெல்போர்னில் திங்கள் விடியற்காலை 1.30. வரன் பேச யாரும் அந்த நேரத்துக்கு வரமாட்டார்கள். அதனால் காலை 8 என்றுதான் தோன்றுகிறது, சனி இரவு தயாராக இருங்கள்.

டப்ளின்காரன்
சுருக்கெழுத்தை நம்பவே கூடாது. சென்னை டீம் "3 PM IST" என்று போட்டது, கோடைக்காலம். இங்கே அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் IST என்றுதான் பெயர். சென்னையின் 3 மணி எங்களுக்குக் காலை 10.30. நான் மதியம் 3 மணிக்குப் போய் உட்கார்ந்தேன், அறையில் யாருமில்லை. மேனேஜர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மிசிசாகா மணி
உலகப் பொது நேரமான UTC-யில் எழுதப் பழகுங்கள். பிரச்சினையே வராது.

பிராம்ப்டன் செல்வி
என் அத்தையிடம் போய் UTC என்று சொல்லிப் பாருங்களேன். அவர் என்னை விடியற்காலை 3 மணிக்கு எழுப்பி, "சாப்பிட்டியா" என்று கேட்பவர். இந்த வாரத்திலேயே ரெண்டு தடவை.

ஸ்கார்பரோ மாமா
அத்தையாவது கூப்பிடுகிறாள். என் பிள்ளைகள் இதே ஊரில் இருந்துகொண்டு...

டொரண்டோ_புதுசு
அம்மாவிடம் கேட்டேன். 8 மணி சொன்னது மாப்பிள்ளை வீட்டாராம். "எங்கள் நேரம் ராத்திரி 8, சாப்பிட்டுவிட்டு உட்கார்கிறோம்" என்றார்களாம். அப்பா அதை அப்படியே எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்!

கணக்குப்பிள்ளை
அப்படியானால் நான் சொன்ன சனி இரவு கணக்கை விட்டுவிடுங்கள். மெல்போர்ன் ஞாயிறு இரவு 8 என்றால் திருச்சியில் மதியம் 2.30. உங்களுக்கு ஞாயிறு அதிகாலை 5. பழைய பத்தரையைக் கழித்தால் 4 என்று வரும், அதுதான் பொறி. போன் தானாக மாறிக்கொள்ளும். அடுப்பிலும் சுவரிலும் இருக்கும் கடிகாரங்கள் மாறாது. அலாரத்தைப் போனில் வையுங்கள்.

குடும்ப குரூப்பில் இப்போதே இப்படிப் போடுங்கள், அப்பா திட்டினால் திட்டட்டும்:

```
மெல்போர்ன்: மார்ச் 8 ஞாயிறு இரவு 8.00
திருச்சி: மார்ச் 8 ஞாயிறு மதியம் 2.30
டொரண்டோ: மார்ச் 8 ஞாயிறு அதிகாலை 5.00
```

ஊர்ப் பெயர், தேதி, கிழமை, காலையா இரவா, நான்கும் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முதல் வரியைப் பார்த்து "சரி" என்று சொன்னால் போதும்.

மெல்போர்ன் வாசி
இதை வாராவாரம் தொடர்வதாக இருந்தால் ஒரு விஷயம். காலண்டர் அழைப்பு எந்த ஊர் நேரத்தில் போடப்பட்டதோ, அந்த ஊரில்தான் மணி மாறாமல் நிற்கும், மற்றவர்களுக்கு நகரும். எங்களுக்கு ஏப்ரல் 5-ல் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகிறது. மெல்போர்ன் நேரத்தில் போட்டால் அன்றிலிருந்து திருச்சிக்கு 3.30, உங்களுக்குக் காலை 6. என்னைக் கேட்டால் பெரியவர்களைத் தொந்தரவு செய்யாமல் திருச்சி நேரத்தில் போடுவேன்.

மிசிசாகா மணி
மாப்பிள்ளை வீட்டார் நேரத்தில் போடுவதுதான் மரியாதை.

பிராம்ப்டன் செல்வி
அதென்ன மரியாதை, அஞ்சு மணிக்கு எழுந்திருப்பது இந்தப் பிள்ளைதானே?

டொரண்டோ_புதுசு
குரூப்பில் போட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் அக்கா கட்டைவிரல் காட்டியிருக்கிறார். அப்பா இன்னும் பார்க்கவில்லை, அங்கே நடு ராத்திரி.