480 ரூபாயில் இரண்டு முறை நடந்தது: 9.40 மணிக்கே தெரிந்திருக்க வழி இருந்ததா?

பஞ்சாலைக்காரன்

ஒரு நடுத்தர பம்புசெட் நிறுவனத்தின் பங்கை நான்கு மாதங்களாகக் கவனித்து வந்தேன். 480 ரூபாயைத் தொடும்போதெல்லாம் இறங்கிவிடும்; அவ்வாறு மூன்று முறை இறங்கியது. நாளொன்றுக்குச் சராசரியாக 6 லட்சம் பங்குகள் கைமாறும். ஒரு புதன்கிழமை காலை 9.32 மணிக்கு 480-ஐத் தாண்டியது. 9.40-க்குள் 4 லட்சம் பங்குகள் கைமாறிவிட்டன. ஒரு முழு நாளின் வால்யூமில் மூன்றில் இரண்டு பங்கு இருபத்தைந்து நிமிடங்களில் வந்துவிட்டதே என்று 486-இல் 300 பங்குகளை வாங்கினேன்.

அதன்பின் நடந்ததுதான் இன்றும் கண்ணில் நிற்கிறது. எந்த விலையில் எத்தனை பங்குகளுக்கு ஆர்டர் நிற்கிறது என்று காட்டும் மார்க்கெட் டெப்த்தில் 487 ரூபாய்க்கு நேராக 12,000 பங்குகள் விற்பனைக்கு நின்றன. அவை கரையக் கரைய, இதோ உடைந்துவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை 300-க்கு வந்தது. மறுகணம் மீண்டும் 12,000. இப்படி ஏழெட்டு முறை நடந்தது. அன்றைய உச்சம் 487.40-உடன் நின்றது. பகல் ஒரு மணிக்கு 476-இல் ஸ்டாப்லாஸ் அடித்து மூவாயிரம் ரூபாய் போயிற்று. அன்று 473-இல் முடிந்தது. நாளின் வால்யூம் 22 லட்சம்.

பத்தொன்பது வர்த்தக நாள்கள் கழித்து அதே பங்கு 17 லட்சம் வால்யூமுடன் 492-இல் முடிந்தது. நான் தொடவில்லை. அடுத்த மூன்று நாள்களில் 489, 485, 482 என்று இறங்கியது. அந்நாள்களின் வால்யூம் முறையே 8 லட்சம், 5 லட்சம், மூன்றரை லட்சம். மூன்றாம் நாள் தாழ்நிலை 480.60. நான்காம் நாள் 488. ஆறு வாரங்களில் 560-க்குப் போய்விட்டது. மூவாயிரம் போனதைவிட, சூடு கண்ட பூனையாக இதைத் தொடாமல் விட்டதுதான் உறுத்துகிறது. முதல் முறை 480-ஐத் தாண்டியது பொய்யான பிரேக்அவுட் என்று அன்று காலையிலேயே இனம் கண்டிருக்க முடியுமா?

வேகவண்டி

நீங்கள் விற்றதுதான் தவறு. சராசரியைப் போல இரு மடங்கு வால்யூம் வந்தால் அது உண்மையான பிரேக்அவுட் என்பதே விதி. உங்களுக்கு மூன்றரை மடங்குக்கு மேல் வந்திருக்கிறது. அந்த 22 லட்சமும் நல்ல வால்யூம்தான். நீங்கள் வைத்த ஸ்டாப்லாஸ்தான் நெருக்கமாக இருந்துவிட்டது. நானாக இருந்தால் 460 வரை விட்டிருப்பேன். இன்று 560-இல் லாபத்தோடு இருந்திருப்பேன். வால்யூம் இல்லாமல் உடைவதை மட்டுமே பொய் என்று சொல்ல வேண்டும்.

மாலைக்கணக்கு

வேகவண்டி சொல்வதில் பாதி சரி. மறுபாதி பணத்தைக் கொண்டுபோய்விடும். வால்யூம் என்பது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு பங்கையும் ஒருவர் வாங்கினார் என்றால் ஒருவர் விற்றார் என்றும் பொருள். 480-க்கு மேலே, விலை இறங்கும் என்று முன்கூட்டியே விற்று ஷார்ட் போனவர்களின், நஷ்டத்தை நிறுத்தத் திரும்ப வாங்கும் ஸ்டாப்லாஸ் ஆர்டர்களும் உங்களைப் போலக் காத்திருந்தவர்களின் வாங்கும் ஆர்டர்களும் குவிந்து கிடந்திருக்கும். பெரிய அளவில் விற்க வேண்டியவருக்கு அத்தனை வாங்குவோர் ஒரே நேரத்தில் வேறெங்கு கிடைப்பார்கள்? அதனால் பொய்யான பிரேக்அவுட்டிலும் வால்யூம் பெருகத்தான் செய்யும். அந்த வால்யூம் விலையை எவ்வளவு நகர்த்தியது என்பதையே நான் பார்ப்பேன். 4 லட்சம் பங்குகள் கைமாறியும் 480-இலிருந்து ஏழு ரூபாய்தான் ஏற முடிந்தது என்றால், மேலே யாரோ கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

நீங்கள் கண்ட அந்த 12,000-க்கும் காரணம் இருக்கிறது. என்எஸ்இ-யில் ஒரு பெரிய ஆர்டரின் பத்தில் ஒரு பங்கை மட்டும் வெளியே காட்டி மீதியை மறைத்து வைக்க அனுமதி உண்டு. வெளியே தெரிவது தீர்ந்ததும் அடுத்த பகுதி தானாக வந்து நிற்கும். அதே விலையில் அதே எண்ணிக்கை ஏழெட்டு முறை திரும்பி வந்தது என்றால், உங்கள் எதிரே ஒரே கை நின்றிருக்க நிறைய வாய்ப்பு உண்டு; உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் ஏமாந்தது வேறு வகையில். சென்ற ஆண்டு ஒரு மருந்துப் பங்கு 40 லட்சம் வால்யூமுடன் பழைய உச்சத்துக்கு மேலே முடிந்தது. வழக்கமான வால்யூம் 7 லட்சம்தான். மறுநாள் காலை வாங்கினேன். முந்தைய மாலை வெளியான பல்க் டீல் பட்டியலை நான் பார்த்திருக்கவில்லை. அதில், ஒரு நிதி நிறுவனம் மற்றொன்றுக்கு 29 லட்சம் பங்குகளைக் கொடுத்திருந்தது. அதைக் கழித்தால் மீதம் 11 லட்சம். அதைப் பார்த்து ஓடிவந்த என் போன்றோரையும் கழித்தால் வழக்கமான நாள். நான்கு நாள்களில் பழைய விலைக்கே வந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் பங்குகளில் அரை விழுக்காட்டுக்கு மேல் ஒருவர் வாங்கினாலோ விற்றாலோ அன்று மாலையே அது வெளியாகிவிடும். தேட ஒரு நிமிடம்கூட ஆகாது.

பஞ்சாலைக்காரன், உங்களிடம் ஒரு கேள்வி. 4 லட்சத்தை முழு நாளின் சராசரியோடு ஒப்பிட்டீர்கள். காலை முதல் அரைமணியில் எந்தப் பங்கிலும் கூட்டம் அதிகம்தான். அதற்கு முந்தைய பத்து நாள்களில் 9.15 முதல் 9.40 வரை எவ்வளவு கைமாறியது என்று பார்த்தீர்களா?

தங்கச்சாலை

எனக்கும் இதே அனுபவம் தங்கத்தில் நேர்ந்தது. எம்சிஎக்ஸ் தங்க ஒப்பந்தத்தில் ஒரு தடைநிலை உடைந்தது, வால்யூம் பட்டை ஒவ்வொரு நாளும் வளர்ந்துகொண்டே போயிற்று, வாங்கினேன், விழுந்தது. பிறகுதான் ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார். நான் பார்த்தது அடுத்த ஒப்பந்தத்தின் சார்ட். நடப்பு ஒப்பந்தம் முடியும் நாள் நெருங்கியதால் எல்லோரும் அதிலிருந்து இதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு கிராம்கூட வாங்கும் ஆர்வம் வந்ததாகப் பொருள் இல்லை.

ஆகவே ஐயா, தாங்கள் சரக்குச் சந்தைக்கு வருவதானால் இரண்டு ஒப்பந்தங்களின் வால்யூமையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அத்துடன் பகல் வால்யூமை நம்ப வேண்டாம். அமெரிக்கச் சந்தை விழித்த பிறகு இரவு ஏழு மணிக்கு மேல்தான் உண்மையான கூட்டம் வரும். மதியம் மூன்று மணிக்கு உடைவதை நான் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நிஃப்டியில் வணிகம் செய்தாலும் இதே கதைதான்: குறியீட்டை யாரும் வாங்க முடியாது என்பதால் அதன் கீழே தெரியும் வால்யூம் உள்ளடங்கிய பங்குகளின் கூட்டுத்தொகை, ஃபியூச்சர்ஸ் வால்யூமைத் தனியே பார்க்க வேண்டும். அங்கேயும் மாதக் கடைசியில் இந்த மாற்றம் நடக்கும். அந்த வாரத்து வால்யூமைக் கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம். சாதாரண பங்குகளிலும் போனஸ் கொடுத்த பிறகு கவனம் தேவை. ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தால் பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. பழைய வால்யூமைத் திருத்தாத சார்ட்டில் ஒவ்வொரு நாளும் "இரு மடங்கு வால்யூம்" போலவே காட்டும்.

பஞ்சாலைக்காரன்

தங்கச்சாலை ஐயா, நான் தங்கத்தின் பக்கம் வரவில்லை, பங்கைத்தான் கேட்டேன். இருந்தாலும் போனஸ் விஷயம் எனக்குப் புதிது.

மாலைக்கணக்கு அவர்களே, இப்போது எடுத்துப் பார்த்தேன். முந்தைய பத்து நாள்களில் முதல் இருபத்தைந்து நிமிட வால்யூம் 90 ஆயிரத்துக்கும் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் இடையில்தான் இருந்திருக்கிறது. ஆக, 4 லட்சம் என்பது அந்த நேரத்துக்கும் மூன்று மடங்குதான். உங்கள் ஒப்பீட்டைச் செய்திருந்தாலும் அன்று வாங்கியிருப்பேன். ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை, 492-இல் முடிந்த நாளில், முதல் இருபத்தைந்து நிமிடத்தில் ஒன்றரை லட்சம்தான். 17 லட்சத்தில் பெரும்பகுதி பகல் இரண்டு மணிக்குப் பிறகு வந்திருக்கிறது. அன்றைய உச்சம் 493.50, முடிவு 492.

மாலைக்கணக்கு

அப்படியானால் 9.40 மணிக்கு வால்யூமை மட்டும் வைத்துத் தெரிந்திருக்க வழி இல்லை என்றே ஒப்புக்கொள்கிறேன். 487-இல் அது முட்டிக்கொண்டு நின்றதும், 480-க்குக் கீழே முடிந்ததும்தான் தெரிவித்தன. அந்த விடை மாலை மூன்றரைக்குத்தான் கிடைக்கும். அதனால் நான் தினசரி முடிவைப் பார்க்காமல் வாங்குவதில்லை. அந்தப் பொறுமைக்கு விலை உண்டு: உங்கள் பங்கில் 481-க்குப் பதிலாக 492 கொடுத்திருக்க வேண்டும்.

ஆடுதுறை

இந்த இழையில் எல்லோரும், உடைத்த விலைக்கே பங்கு திரும்பி வந்து பார்க்கும் ரீடெஸ்டை ஏதோ உத்தரவாதம் போலப் பேசுவதற்கு முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கிப் பங்கு 1,210 என்ற தடையை உடைத்து 1,228-இல் முடிந்தது; வால்யூமும் நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் 1,212-க்குத் திரும்பி வந்தது. பாடம் படித்தவன் போல அங்கே வாங்கினேன். மறுநாள் 1,180. ஓய்வாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அது திரும்பி வந்த நாளின் வால்யூம், உடைத்த நாளின் வால்யூமைவிட அதிகம். விலை தானாகச் சரிந்து வரவில்லை, தள்ளிக்கொண்டு வரப்பட்டிருந்தது. பஞ்சாலைக்காரன் சொன்ன 8, 5, மூன்றரை என்ற வரிசைக்கு நேர் எதிரான வரிசை அது. அவருடைய பங்கில் 480.60-க்கு வந்தபோது விற்பதற்கு ஆளே குறைந்துவிட்டது. அறுபது பைசா மேலே நின்றது முக்கியமில்லை. அறுபது பைசா கீழே போய்த் திரும்பியிருந்தாலும் அந்த மூன்றரை லட்சத்தை நான் நம்பியிருப்பேன்.

ரீடெஸ்டுக்காகவே காத்திருப்பதிலும் ஓட்டை உண்டு. என் குறிப்பேட்டில் மிக நன்றாக ஓடிய பங்குகளில் பல திரும்பி வரவே இல்லை. திரும்பி வருவதை மட்டுமே வாங்குவேன் என்றால் வலுவானவற்றைத் தவறவிட்டு, தயங்குபவற்றை மட்டும் பொறுக்குகிறோம். இப்போது முடிவு விலையில் பாதி, திரும்பி வந்தால் மீதி என்று வாங்குகிறேன். இதுவும் சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது.

வேகவண்டி

எல்லாவற்றையும் படித்தேன். ஆனாலும் இரு மடங்கு விதியை விட மாட்டேன். இரண்டாம் முறை அது வேலை செய்திருக்கிறதே: 6 லட்சத்துக்கு 17 லட்சம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

மாலைக்கணக்கு

தம்பி, அப்போது சராசரி 6 லட்சம் இல்லை. பத்தொன்பது நாள்களுக்கு முந்தைய அந்த 22 லட்சமும் இருபது நாள் சராசரிக்குள் உட்கார்ந்திருந்தது. மற்ற நாள்களை 6 லட்சமாகவே வைத்தாலும் சராசரி 6.8 லட்சம் ஆகிறது. 17 லட்சம் அதற்கு இரண்டரை மடங்கு. உங்கள் விதி அப்போதும் தேறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். பொய்யான நாளுக்கு அதே விதி மூன்றரை மடங்குக்கு மேல் மதிப்பெண் கொடுத்ததே, அதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?