புதுப்பிப்பு: பார்க்கின்சனும் படுக்கையறையும்

போன மாதம் நான் கேட்டது: "பார்க்கின்சன் வந்து நாலு வருஷம். ஆசை முன்பைவிட அதிகம், ஆனால் விறைப்பு நிற்பதில்லை. வயாகரா போடலாமா?"

ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா ஒருவர், "ஆசை கூடியது மாத்திரையாலா என்று பாருங்கள், இரவில் சீட்டாட்டம் உண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு. மூன்று மணி வரை ரம்மி. டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னதும் பார்க்கின்சனுக்கு நான் எடுக்கும் பிரமிபெக்ஸோல் மாத்திரைதான் காரணம் என்றார். திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் சோர்வும் வரும் என்பதால் படிப்படியாகக் குறைக்கிறோம். ரம்மி நின்றுவிட்டது. ஆசை அடங்கியிருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே.

வயாகரா இதயத்தைக் கெடுக்கும் என்றார் ஒரு நண்பர். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்களுக்குத்தான் அது கூடவே கூடாதாம். எனக்கு ஆபத்து வேறு: எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறது, வயாகரா அதை இன்னும் இறக்கும். படுத்திருந்தபோது 134 இருந்த ரத்த அழுத்தம், எழுந்து நின்ற மூன்றாம் நிமிடம் 116. இருபது குறைந்திருந்தால் யோசிக்க வேண்டும் என்றார் டாக்டர். அதனால் வயாகராவில் இருக்கும் மருந்தான சில்டெனாஃபில் 25 மி.கி. மட்டும்.

முதல் தடவை பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டேன், பலனில்லை. கொழுப்பு அதன் வேலையைத் தாமதப்படுத்துமாம். அப்புறம் வெறும் வயிற்றில், பார்க்கின்சனுக்கான இன்னொரு மருந்தான லெவோடோபா நன்றாக வேலை செய்யும் காலை நேரத்தில், ஒரு மணி முன்னால் போட்டேன். பலன் தெரிந்தது. முடிந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துதான் எழுகிறேன், மனைவி தோளைப் பிடித்துக்கொள்கிறாள்.

பக்கவாதம் வந்த தன் அப்பாவைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: அவருடைய மாத்திரைப் பட்டியலோடு அவர் டாக்டரைப் பாருங்கள். என் கணக்கு அவருக்குப் பொருந்தாது.