சாப்பாடே இறங்காத ஒல்லியான புதியவருக்கு மூன்று நாள் பயிற்சி: உங்கள் அனுபவம் என்ன?

கதிரேசன்

ஜிம்மில் புதிதாகச் சேருபவர்களுக்கு அட்டவணை எழுதித் தருவது என் வேலை. நான்கு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது என்பவர்கள்தான் அதில் எனக்குப் பெரும்பாடு. அண்மையில் அப்படி ஓர் இளைஞன் வந்தான். வயது 21, உயரம் 175 செ.மீ., எடை 52 கிலோ. கையில் யாரோ எழுதிக்கொடுத்த ஆறு நாள் அட்டவணை: மார்புக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள், நாளொன்றுக்கு இருபது செட். மாதக்கணக்கில் செய்தும் எடை அசையவில்லை. போதாக்குறைக்கு, பயிற்சி முடிந்தால் தட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றான். கடும் பயிற்சிக்குப் பின் கொஞ்ச நேரம் பசி மங்குவது பலருக்கும் உண்டு. ஏற்கெனவே பசி இல்லாதவனுக்கு வாரம் ஆறு நாளும் அப்படியென்றால் என்ன ஆகும்?

ஆகவே அவன் வயிறு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பயிற்சியைச் சுருக்கினேன். திங்கள், புதன், வெள்ளி மட்டும். ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங். அடுத்த முறை டெட்லிஃப்ட், தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ், புல்டவுன். இரண்டும் மாறி மாறி வரும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் இரண்டு செட், அதன் பிறகு மூன்று. செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பளு ஏற்றுவதில்தான் கவனம் தேவை. வெறும் பாரே 20 கிலோ. அதில் 2.5 கிலோ கூட்டினால் எட்டில் ஒரு பங்கு ஒரேயடியாக ஏறிவிடுகிறது; மெலிந்த தோளுக்கு அது பெரிய தாவல். அதனால் செட்டுக்கு ஆறு ரெப்பில் தொடங்கி, மூன்று செட்டிலும் பத்து வந்த பிறகே பளு கூட்டச் சொன்னேன். ஸ்குவாட்டுக்குப் பாரைக் கொடுக்கவே இல்லை. 8 கிலோ டம்பெல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தான். டெட்லிஃப்டில் சிறிய பிளேட் போட்டால் பார் தரைக்கு மிக அருகில் போய், எடுக்கும்போது முதுகு வளைந்துவிடும். இருபுறமும் கட்டை வைத்து உயர்த்திக்கொண்டோம்.

வெற்றி

எல்லாம் சரி அண்ணா, ஆனால் இவனுக்கு ஸ்குவாட் எதற்கு? கால் பயிற்சி இருக்கிற கலோரியையும் எரித்துவிடும். நான் ஒல்லியாக இருந்தபோது மேல் உடம்பு மட்டும் செய்தேன், நடப்பதைக்கூடக் குறைத்தேன். எடை கூட்டும் பவுடரைப் பாலில் கலக்கி இரண்டு வேளை குடித்தேன், ஏறிவிட்டது. மெல்வதைவிடக் குடிப்பது எளிது, அவ்வளவுதான் ரகசியம்.

மலர்விழி

குடிப்பது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன், வெற்றி. அதே கலோரியைத் திரவமாகக் கொடுத்தால் வயிறு நிறைந்த உணர்வு குறைவாகவே வரும். சத்துணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம் நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் கால் பயிற்சியை விட்டுவிடச் சொல்வது வீண் சிக்கனம். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன. எடை கூட வேண்டும் என்பவர் அவற்றை ஒதுக்கலாமா? மூன்று செட் ஸ்குவாட் எரிப்பதை அரை டம்ளர் பாலில் ஈடுகட்டிவிடலாம்.

கலோரி கசிகிற இடம் வேறு. 1999இல் ஆய்வாளர் லெவைன் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கொழுப்பு நான்கு கிலோவுக்கு மேல் கூடியது, சிலருக்கு அரைக் கிலோகூட இல்லை. கூடாதவர்கள் தங்களை அறியாமலே அதிகம் அசைந்து, எழுந்து, நடந்து செலவழித்துவிட்டார்கள். அப்படிப்பட்டவரைப் படுக்கச் சொல்லிப் பயனில்லை. எடை நிற்கும்போதெல்லாம் இன்னொரு 200 கலோரி சேர்ப்பதுதான் வழி.

பவுடருக்குப் பதிலாக 300 மி.லி. கொழுப்பு நீக்காத பால், ஒரு வாழைப்பழம், இரண்டு மேசைக்கரண்டி பீனட் பட்டர். ஏறத்தாழ 480 கலோரி வரும். முதல் வாரம் பாதி அளவு போதும், இல்லாவிட்டால் வயிறு உப்பும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லாக்டோஸ் நீக்கிய பாலில் செய்யலாம்.

தாமரை

என் நிலையும் இதுதான். வயது 43. நான்கு மாதத்தில் ஆறு கிலோ குறைந்துவிட்டது, நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். இந்த அட்டவணையையே நானும் தொடங்கலாமா? பெண்களுக்கு 8 கிலோ டம்பெல் அதிகமா?

மலர்விழி

தாமரை அக்கா, உங்கள் நிலை வேறு. அந்தப் பையன் எப்போதுமே ஒல்லி. உங்களுக்கோ, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது. தைராய்டும் இரத்தச் சர்க்கரையும் பார்க்காமல் டம்பெல்லைத் தொட வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே.

கதிரேசன்

மலர்விழி சொன்ன பால் கணக்கை நானும் கொடுத்தேன். முதல் இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. பையனுக்கு ஏக மகிழ்ச்சி. அதில் பெரும்பகுதி தசையில் தேங்கும் மாவுச்சத்தும் நீரும்தான், அடுத்த வாரமும் இப்படியே ஏறும் என்று எண்ணாதே என்று சொல்லிவைத்தேன். அதன் பிறகு வாரம் கால் கிலோ ஏறினாலே போதும். தினமும் காலையில், கழிவறை சென்றுவந்த பின் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடச் சொன்னேன். ஒற்றை நாள் எண் ஒரு கிலோ வரைகூட ஆடும்.

ஐந்தாம் வாரம் எல்லாம் நின்றது. அவன் நோட்டில் பெஞ்ச் பிரஸ் 9, 8, 8 என்று இருந்தது அடுத்த இரண்டு முறையும் 8, 6, 4 ஆகியிருந்தது. ரோயிங்கும் அப்படியே. எடைச் சராசரியும் இரண்டு வாரமாக அதே இடம். ஒரே ஒரு பயிற்சி மட்டும் நின்று எடை ஏறிக்கொண்டிருந்தால் அது அந்தப் பயிற்சியின் கோளாறு: பிடி, கோணம், அவசரமாக ஏற்றிய பளு. எல்லாமே ஒன்றாக நின்று எடையும் நின்றால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பார்ப்பேன். விசாரித்ததில், காலை எட்டு மணிக்குப் பாலைக் குடித்துவிட்டுக் காலை உணவில் பாதியை மிச்சம் வைத்திருக்கிறான். கணக்குப்படி ஏறியது நூறு கலோரிகூட இருக்காது.

பாலைப் பயிற்சி முடிந்த உடனே ஒரு பாதி, இரவு உணவுக்குப் பின் மறு பாதி என்று மாற்றினேன். பசி இல்லாத நேரத்திலும் அது இறங்கிவிடுகிறது, எந்த வேளை உணவையும் தள்ளிவிடுவதில்லை. மூன்றாவது செட்டையும் இரண்டு வாரத்துக்கு எடுத்துவிட்டேன். எடை மெல்ல அசையத் தொடங்கி, மூன்றாம் மாத முடிவில் 55 கிலோவைத் தொட்டான்.

ஒல்லிக்குச்சி

செட்டைக் குறைத்ததால் ஏறியதா, பாலின் நேரத்தை மாற்றியதால் ஏறியதா? இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எப்படித் தெரியும்? எனக்கு ஐந்து செட், ஐந்து ரெப், கனமாகத் தூக்கு என்றார்கள். ஸ்குவாட் நன்றாகவே ஏறுகிறது.

கதிரேசன்

பிரித்துச் சொல்ல முடியாது தம்பி. பால்தான் என்பது என் ஊகம். ஐந்து ரெப்பும் தவறில்லை, ஸ்குவாட்டில் பல மாதம் ஓடும். தோளுக்கு மேல் தூக்குவதில் 2.5 கிலோ கூட்டியதும் முட்டும்; அங்கே 0.5 கிலோ பிளேட் இரண்டு கிடைக்கிறதா பார். உன் எடைச் சராசரி என்ன? அதைச் சொல்லாமல் ஸ்குவாட் எண்ணை மட்டும் சொல்கிறாய்.

ஒல்லிக்குச்சி

எடை பார்க்கவில்லை அண்ணா. நாளைக் காலையிலிருந்து எழுதுகிறேன்.

வெற்றி

பவுடரை நான் விடுவதாக இல்லை. ஆனால் ஸ்குவாட்டைச் சேர்த்துப் பார்க்கிறேன், 8 கிலோவிலிருந்தே.