மின்னோட்டத் திறனா, படிவுப் பேறா?

வியாசர்பாடி வேதியியல் ஆசிரியை:
வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். ஒரு தகட்டுக்கு நிக்கல் முலாம் பூச, நிக்கல் கரைசலில் 2 ஆம்பியரை 30 நிமிடம் செலுத்தினோம், அதாவது 3600 கூலூம். நிக்கலின் மோலார் நிறை 58.7, ஓர் அயனிக்கு 2 எலக்ட்ரான், ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96500 கூலூம். 3600 × 58.7 ÷ (2 × 96500) என்று போட்டால் 1.09 கிராம் தகட்டில் ஏற வேண்டும். கழுவி உலர்த்தி நிறுத்தால் 1.04 தான். இந்த 95 விழுக்காட்டுக்குப் பெயர் வேண்டும். 'கரண்ட் எஃபிசியன்சி'யை 'மின்னோட்டத் திறன்' என்றால், இயற்பியலில் திறன் என்பது வாட் கணக்காயிற்றே, பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

எண்ணூர் மின்பொறியாளர்:
திறன் என்றே இருக்கட்டும் அம்மா. குறைந்த 0.05 கிராமும் கரைசலின் மின்தடையில் வெப்பமாகப் போனதுதானே.

ஆசிரியை:
இல்லை சார், அந்தக் குழப்பத்தைத்தான் சொல்கிறேன். மின்தடை கூடினால் அதே 2 ஆம்பியருக்கு அதிக வோல்ட் கொடுக்க வேண்டும், மின்கட்டணம் ஏறும், ஆனால் எலக்ட்ரான் எண்ணிக்கை குறையாது. எதிர்மின்வாயில் பொடிக் குமிழ்கள் வந்ததைப் பார்த்தோம். நிக்கலுக்குப் போக வேண்டிய எலக்ட்ரான்களில் கொஞ்சத்தை ஹைட்ரஜன் வாங்கிக்கொண்டது.

பெரம்பூர் தமிழாசிரியர் (ஓய்வு):
அப்படியானால் 'படிவுப் பேறு' என்க. கெடு கேடானது போல, சுடு சூடானது போல, பெறு நீண்டு பேறு. பெற்ற அளவு என்று பொருள் நேராக நிற்கும். 'வீழ்படிவு' வேண்டாம், அது கரைசலுக்குள் உருவாகிக் கீழே விழுவது, இதுவோ தகட்டில் பற்றுவது. படிதல் என்பதிலும் வண்டல், பாசி, பழக்கம் எல்லாம் மெல்ல ஒட்டிச் சேரும் பொருள் இருக்கிறது, அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

ராயபுரம் பட்டறைக்காரர்:
ஐயா, பேறு என்றால் எங்கள் பக்கம் பிள்ளைப்பேறுதான் நினைவுக்கு வரும். டீச்சர், குரோம் முலாமில் உங்கள் கணக்குக்குப் பக்கத்தில்கூட ஏறுவதில்லையே, ரெக்டிஃபையர் பழுதா?

ஆசிரியை:
அண்ணே, நிக்கல் போலவே 2 என்று போட்டிருப்பீர்கள். குரோமிக் அமிலத் தொட்டியில் ஓர் அணுவுக்கு 6 எலக்ட்ரான். குரோமின் மோலார் நிறை 52, அதே 3600 கூலூமுக்கு 0.32 கிராம்தான் வரும். அதிலும் வழக்கமாக 10 முதல் 20 விழுக்காடுதான் தகட்டில் ஏறும், மீதியெல்லாம் பெரும்பாலும் ஹைட்ரஜனுக்கு. தொட்டி அப்படிக் கொதிப்பது போல் குமிழி விடுவது அதனால்தான். ரெக்டிஃபையரை இதை வைத்து மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

மின்பொறியாளர்:
சரி, வெப்பம் என்றது என் தவறு. 'மின்னோட்டப் பயன் விழுக்காடு' என்று வைக்கலாமா?

பட்டறைக்காரர்:
இது எனக்கே புரிகிறது.

ஆசிரியை:
எனக்கும் சம்மதம். நேரமில்லை, இதையே போட்டு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் வேண்டி மின்னாற்பகுப்பு செய்பவருக்கு அந்தக் குமிழிதானே பயன்? 'படிவு' என்று சொல்லாமல் எதன் பயன் என்று மாணவர் எப்படி அறிவார்?